வாகன் ஆருக்கு ஒரு சீற் கவர்: பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் என்ன நடக்கும்?

கிளிநொச்சியில் வாடகைக்குக் கார் ஓடும் ஒரு அண்ணாவின் வீட்டு முற்றத்தில், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை அவருடைய காருக்குள் தலையை விட்டபடி கழித்தேன். முதல் ஞாயிறு, அவர் வாங்கிய சீற் கவரையும் கால்விரிப்பையும் போட்டோம். இரண்டாவது ஞாயிறு, அவ்வளவையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டோம். இடையில் நடந்தவை எழுதி வைக்க வேண்டியவை என்று தோன்றியது. வடக்கில் இப்போது அதிகம் ஓடுபவை ஒருசில மாதிரிக் கார்கள்தான். அவற்றுக்கான கவர்களையும் விரிப்புகளையும் பலர் தொலைபேசியில் படம் பார்த்தே வாங்குகிறார்கள்.

அவருடையது சுசுக்கி வாகன் ஆர். ஜப்பானில் இருந்து வந்தது, அவர் மூன்றாவது உரிமையாளர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடங்களில் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. சாரதி ஏறி இறங்கும் பக்கத்து ஓரம் தேய்ந்து, ஸ்பொஞ்ச் வெளியே தெரிகிற ஆசனங்கள் அதனால்தான் இவ்வளவு அதிகம்.

அண்ணாவுக்கு இன்னும் இரண்டு காரணங்கள் இருந்தன. இறுதி யுத்தத்தில் அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது, செயற்கைக் காலோடுதான் ஓடுகிறார். அவருடைய நிரந்தரப் பயணிகளில் ஒருவர் முள்ளந்தண்டில் காயப்பட்டவர். மாதத்தில் இரண்டு மூன்று தடவை ஏ9 வீதியால் யாழ்ப்பாணத்துக்கு கிளினிக் போய்வருபவர். கவரும் விரிப்பும் இந்த இரண்டு பேருக்கும் வெறும் அலங்காரமாக இருக்க முடியாது.

ஒரே பெயர், இரண்டு கார்

முதல் ஞாயிறு பொதியைப் பிரித்தபோது அதில் ‘வாகன் ஆர்’ என்றுதான் எழுதியிருந்தது. முன் ஆசனத்துக்கு எப்படியோ இழுத்து மாட்டினோம். பின் ஆசனத்துக்கு வந்தபோது ஒன்றும் சரிவரவில்லை. கவர் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் இரண்டு துண்டாக வந்திருந்தது. காரின் பின் ஆசனமோ இரண்டு சம பாதிகள். நடுவில் இருக்கும் மூன்றாவது பட்டிக்கென்று கவரில் ஒரு வெட்டு இருந்தது, காரில் அந்தப் பட்டியே இல்லை.

காரணம் எளிது. வாகன் ஆர் என்ற பெயரில் இரண்டு வேறு கார்கள் ஓடுகின்றன. ஜப்பானில் இருந்து வருவது அந்த நாட்டின் ‘கேய்’ எனப்படும் சிறு கார் வகை. அந்த வகைக்குச் சட்டப்படி அகலம் 1.48 மீற்றரைத் தாண்டக்கூடாது, நான்கு பேர்தான் இருக்கலாம். அதனால் பின்னால் இரண்டு பேருக்கான இடம் மட்டும். இரண்டு பாதியும் தனித்தனியாகத் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். இந்தியாவில் செய்யப்படும் வாகன் ஆர் ஐந்து பேருக்கானது, அதன் பின் ஆசனம் நகராது. 2019இல் வந்த இந்திய மாதிரியின் அகலம் 1.62 மீற்றர். பதினான்கு சென்ரிமீற்றர் வித்தியாசத்தை எந்த எலாஸ்ரிக்கும் இழுத்துச் சமாளிக்காது.

முன்பக்கமும் வேறு. ஜப்பான் வாகன் ஆரில் சாரதி ஆசனத்தோடு ஒட்டியபடி கை வைக்கும் தாங்கி ஒன்று இருக்கும், அது மடங்கி எழும்ப வேண்டும். கவரில் அந்த இடத்தில் வாய் வெட்டியிருக்க வேண்டும். எங்களுடையதில் இல்லை. கத்தரிக்கோலால் வெட்டினோம், வெட்டிய இடம் இரண்டாம் நாளே கிழியத் தொடங்கியது. விளிம்பு தைக்காத றெக்சினுக்கு அதுதான் கதி.

எனவே கடைக்காரரிடம் பெயரைச் சொல்லாதீர்கள், சட்டக இலக்கத்தின் முன்பகுதியைச் சொல்லுங்கள். வாகனப் பதிவுப் புத்தகத்தில் ‘செசி இலக்கம்’ என்ற இடத்தில் அது இருக்கும். ஜப்பான் வாகன் ஆர் என்றால் MH44S, MH55S போல ஒன்றாகத் தொடங்கும். முதலாம் தலைமுறை ரொயோட்டா அக்குவா என்றால் NHP10. கோட்டுக்கு முன்னால் உள்ள அந்த எழுத்துகள் போதும், மிகுதி இலக்கத்தை யாருக்கும் கொடுக்கத் தேவையில்லை. அதோடு உங்கள் ஆசனத்தை முன்னால் இருந்தும் பின்னால் இருந்தும் படம் எடுத்து அனுப்புங்கள். ஒரே இலக்கத்துக்குள்ளும் தர வேறுபாடு இருக்கிறது. அக்குவாவில் சில தரங்களில் முன் தலையணை ஆசனத்தோடு ஒன்றாக இருக்கும், சிலவற்றில் கழற்றலாம். பின் முதுகு சிலவற்றில் ஒரே துண்டாக மடியும், சிலவற்றில் இரண்டாகப் பிரியும். இலக்கம் சரியாக இருந்தும் கவர் பொருந்தாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அல்ற்றோவிலும் இதே குழப்பம். இந்திய அல்ற்றோ 800உம் ஜப்பான் அல்ற்றோவும் வேறு வேறு கார்கள். ஆனால் இந்திய அல்ற்றோவுக்குக் கவர் போடுவது எல்லாவற்றிலும் சுலபம். முன் ஆசனம் தலையணையோடு ஒரே வடிவம், தலையணை உறை போல மேலிருந்து இழுத்துவிடலாம். பின்னால் ஒரே நீள ஆசனம். புதிதாகச் செய்து பழகுபவர் இதில் தொடங்கலாம், ஒரு மணித்தியாலத்தில் முடியும். அக்சியோ போன்ற கார்களும் பெரிய தலையிடி இல்லை.

ஹயேஸ் வான் தனிச்சாதி. அதன் இயந்திரம் முன் ஆசனங்களுக்குக் கீழே இருக்கிறது. ஆசனத்தைத் தூக்கித்தான் கராஜ்காரர் வேலை செய்வார். கவரின் நாடாக்களை ஆசனத்தின் கீழே கட்டி, தூக்கும் கொளுக்கியையும் சேர்த்துக் கட்டிவிட்டால் நடுவழியில் வான் சூடேறும்போது ஆசனத்தைத் திறக்க நாடாவை அறுக்க வேண்டிவரும். கீழே தொங்கும் துணி முனை சூட்டுக்குப் பக்கத்தில் கிடப்பதும் நல்லதல்ல. அங்கே முனைகளை ஆசனத்தின் சட்டத்துக்குள்ளேயே மடித்துச் செருகி முடிக்க வேண்டும்.

றெக்சினா, லெதரா, துணியா?

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணத்து ஏ40 கார்களின் றெக்சின் ஆசனங்களை நினைவிருப்பவர்களுக்கு, வெயிலில் நின்ற காரில் அரைக்காற்சட்டையோடு ஏறினால் தொடை என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. இன்று ‘லெதர்’ என்று விற்கப்படும் கவர்களில் மிகப் பெரும்பாலானவை தோல் அல்ல. இரண்டு வகைச் செயற்கைப் பொருட்கள்தான் அவை. ஒன்று பிவிசி, நாங்கள் றெக்சின் என்பது. மற்றது பியூ, மெதுமையாகவும் தோல் போலவும் இருப்பது.

கையில் எடுத்துப் பார்த்தால் பிவிசி பாரமாகவும் விறைப்பாகவும் இருக்கும், புதிதில் பிளாஸ்ரிக் மணம் அடிக்கும். பியூ மெல்லியது, மடித்துவிட்டால் தோல் போலவே மெல்லிய சுருக்கம் விழுந்து போகும். கடையில் பியூதான் மனதைக் கவரும். ஆனால் ஈரப்பதமும் சூடும் சேரும் இடங்களில் அதன் மேற்படை காலப்போக்கில் செதில் செதிலாக உரியும். உங்கள் வீட்டுச் செற்றியோ கைப்பையோ அப்படி உரிந்திருந்தால் அது பெரும்பாலும் பியூதான். பிவிசி உரியாது. ஆனால் வெயிலில் வருடக்கணக்கில் நின்றால் இறுகி, தையல் வழியே வெடிக்கும். மலிவான கவரில் முதலில் போகும் இடம் சாரதி ஆசனத்தின் வெளி ஓரம், ஒவ்வொரு தடவையும் உரசி ஏறும் பக்கம். வாங்கும்போது அந்த ஓரத்தை உட்புறமாகத் திருப்பி, இரட்டைத் தையல் போட்டிருக்கிறதா, தையலுக்குப் பின்னால் துணிப் பட்டி வைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மேற்பக்க மினுக்கம் எதையும் சொல்லாது.

துணிக் கவர் சூடாகாது, வியர்வையை இழுக்கும், வழுக்காது. வன்னிச் செம்மண்ணும் அதற்குள் போய் இருந்துவிடும். கழற்றித் தோய்க்கக்கூடியதாக இருந்தால் மட்டும் துணி நல்லது. தோய்த்த பிறகு சுருங்கும் வகையும் உண்டு, ஆகவே முதலில் ஒரு தலையணைக் கவரை மட்டும் தோய்த்துப் பார்க்கலாம். சின்னத் துளைகள் போட்ட றெக்சின் ‘காற்றோட்டமானது’ என்று சொல்லி விற்கப்படுகிறது. துளைக்குப் பின்னால் ஸ்பொஞ்சும் அதற்குப் பின்னால் பழைய ஆசனமும் இருக்கும்போது எந்தக் காற்று, எங்கிருந்து வரப்போகிறது? அந்தத் துளைகளில் புழுதி அடைவதைத்தான் நான் கண்டேன்.

புதுக் காரில் வந்த பொலித்தீனைக் கழற்றாமலேயே வைத்திருப்பவர்களும் எங்களில் உண்டு. அதன் கீழ் வியர்வையும் ஈரமும் தேங்கிப் பூஞ்சணம் பிடிக்கிறது. அதோடு அது சில ஆசனங்களில் ஓர் ஆபத்தையும் மறைக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

முள்ளந்தண்டுக் காயமுள்ளவர் இருக்கும் ஆசனம்

இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத ஒருவருக்கு, அமரும் இடத்தில் ஒரு தடித்த தையலோ சுருண்டு கிடக்கும் கவரோ இருந்தால் அது குத்துவது தெரியாது. ஒன்றரை மணிநேரப் பயணத்தின் முடிவில் தோல் சிவந்திருக்கும். சிவப்பு மாறாவிட்டால் அது அழுத்தப் புண்ணின் தொடக்கம். எங்கள் பகுதிகளில் இந்தப் புண்கள் எத்தனை மாதம் படுக்கையில் போட்டுவிடும் என்று அந்த வீடுகளுக்குத் தெரியும்.

முதலில் வாங்கிய கவரில் அழகுக்காக வைரக்கட்டம் போட்டுத் தைத்திருந்தார்கள். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் ஒரு முடிச்சு. அதோடு கவர் அளவில்லாததால் ஆசனத்தின் நடுவில் துணி திரண்டு நின்றது. முதற் பயணத்திலேயே அந்தப் பயணியின் மனைவி கையால் தடவிப் பார்த்துவிட்டு, “இதிலை இவரை இருத்தேலாது” என்று சொல்லிவிட்டார். மடித்த போர்வை ஒன்றைப் போட்டுத்தான் அன்று போனார்கள்.

அடுத்த சிக்கல் வழுக்கல். சக்கர நாற்காலியில் இருந்து காருக்கு மாறும்போது றெக்சின் உதவி செய்கிறது, உடலை இழுத்து நகர்த்துவது சுலபம். ஆனால் பிறேக் போடும்போது, இடுப்பைப் பிடித்து வைத்திருக்கத் தசைப்பலம் இல்லாதவர் அதே வழுக்கலில் முன்னுக்குச் சரிவார். இடுப்புப் பட்டி வயிற்றுக்கு ஏறிவிடும். அண்ணா கடைசியில் தைப்பித்த கவரில் ஆசனத்தின் இரு ஓரமும் றெக்சின், அமரும் நடுப்பகுதி தையலே இல்லாத ஒரே துண்டுத் தடித்த துணி. மாறும்போது ஓரத்தில் வழுக்கி வரலாம், இருந்த பிறகு துணி பிடித்துக்கொள்ளும். பயணி சக்கர நாற்காலியில் பாவிக்கும் மெத்தையை அதற்குமேல் வைக்கிறார்கள். அந்த மெத்தையும் துணியில் நழுவுவதில்லை.

கால்விரிப்பு: கார் ஏன் பின்னால் உருண்டது?

முதல் ஞாயிறு கவரோடு சேர்த்து ‘5டி’ எனப்படும் விரிப்பையும் போட்டோம். தரையை முழுவதும் மூடி, ஓரங்களில் மேலே ஏறி நிற்கும் தடித்த றெக்சின் விரிப்பு அது. உள்ளே மெத்து. பார்வைக்குக் கார் புதிதாகிவிட்டது. நான்கு நாள் கழித்து, வீட்டுப் படலைக்கு முன்னால் உள்ள சாய்வான கொங்கிறீற்றில் நிறுத்திவிட்டு இறங்கியபோது கார் மெல்லப் பின்னால் உருளத் தொடங்கியிருக்கிறது. கதவு திறந்திருந்ததால் உள்ளே சரிந்து பிறேக்கை மிதித்து நிறுத்திவிட்டார்.

ஜப்பான் வாகன் ஆரில் நிறுத்தப் பிறேக் கையால் இழுப்பதல்ல, இடது காலால் மிதித்துப் பூட்டுவது. புது விரிப்பின் மெத்து அந்த மிதியின் கீழே இரண்டு விரல் தடிப்பில் மடிந்து கிடந்தது. மிதி பாதிவழியில் விரிப்பில் முட்டி நின்றிருக்கிறது. இரண்டு காலும் உள்ள ஒருவருக்குப் பாதத்தில் அந்த மெதுமை தெரியும். அண்ணாவுக்குத் தெரியவில்லை.

“தம்பி, இடது கால் மற்றிலை நிக்குதோ மிதியிலை நிக்குதோ எண்டு நான் குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும். சத்தத்தை வைச்சுத்தான் இவ்வளவு நாளும் ஓடினனான்.”

அந்தச் சத்தம்தான் நல்ல சோதனையும்கூட. விரிப்பு எதுவும் இல்லாமல் நிறுத்தப் பிறேக்கை முழுதாக மிதித்து, ‘கிறிக் கிறிக்’ என்று எத்தனை பல் விழுகிறது என்று எண்ணுங்கள். விரிப்பைப் போட்டுவிட்டு, அதே பலத்தோடு மீண்டும் மிதித்து எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் விரிப்பு மிதியைத் தடுக்கிறது. இந்திய வாகன் ஆரிலும் அல்ற்றோ 800இலும் நிறுத்தப் பிறேக் நடுவில் கையால் இழுப்பது, அவற்றுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. இந்தியக் காருக்கு வெட்டிய விரிப்பில் இடதுபக்க மிதிக்கான இடமே விடப்பட்டிருக்காது என்பதும் இதனால்தான்.

வலது பக்கத்தில் நடப்பது இன்னும் மோசம். விரிப்பு முன்னுக்கு நழுவி அக்சிலேற்றர் மிதியின் கீழ் முனையைப் பிடித்துக்கொண்டால், காலை எடுத்த பிறகும் கார் பாயும். 2009 ஓகஸ்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், விற்பனை நிலையம் இரவலாகக் கொடுத்த லெக்சஸ் காரில் போன நான்கு பேர் இப்படி இறந்தார்கள். அந்தக் காரில் போடப்பட்டிருந்தது அதே நிறுவனத்தின் இன்னொரு மாதிரி வாகனத்துக்கான றபர் விரிப்பு. அதன்பின் ரொயோட்டா நிறுவனம் விரிப்புப் பிரச்சினைக்காக அமெரிக்காவில் 38 இலட்சம் வாகனங்களைத் திருப்பி அழைத்தது. அக்சிலேற்றர் மிதியின் வடிவத்தையே மாற்ற வேண்டிவந்தது.

சாரதிப் பக்கத் தரையில் ஒன்றோ இரண்டோ கொக்கிகள் நீட்டிக்கொண்டிருக்கும். விரிப்பில் உள்ள வளையம் சரியாக அதில் விழ வேண்டும். வளையமே இல்லாத விரிப்பு, அல்லது கொக்கிக்கு இரண்டு விரல் தள்ளி வளையம் உள்ள விரிப்பு உங்கள் காருக்கானதல்ல. பழைய விரிப்புக்கு மேலே புதியதைப் போடவும் கூடாது, மேலே இருப்பதைக் கொக்கி பிடிக்காது. போட்ட பிறகு இயந்திரத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு அக்சிலேற்றரை அடிவரை கையால் அமர்த்துங்கள். விரிப்பின் விளிம்பு மிதியில் படுகிறதா என்று குனிந்து பாருங்கள். பிறகு ஆசனத்தில் இருந்து குதிக்காலால் விரிப்பை முன்னுக்குத் தள்ளிவிட்டு இன்னொரு தடவை செய்யுங்கள். கடையில் போட்டுத் தருபவர்கள் முதலாவதைச் செய்வார்கள், இரண்டாவதைச் செய்வதை நான் காணவில்லை.

ஓடும்போது மிதி சிக்கிவிட்டால் குனிந்து விரிப்பை இழுக்கப் போகக்கூடாது. பிறேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே பலமாக மிதித்துப் பிடிக்க வேண்டும். அக்சிலேற்றர் முழுதாகத் திறந்திருக்கும்போது பல தடவை மிதித்தால் பிறேக்குக்கு உதவும் வெற்றிட அழுத்தம் தீர்ந்து மிதி இறுகிவிடும். பிறேக்கைப் பிடித்தபடியே கியரை N இற்குத் தள்ளினால் இயந்திரம் இரையும், சக்கரம் இழுக்காது. ஓரங்கட்டி நின்ற பிறகு இயந்திரத்தை நிறுத்தலாம்.

அண்ணாவின் காரில் இப்போது சாரதிப் பக்கம் கிடப்பது அலங்காரமில்லாத தட்டையான றபர் விரிப்பு. கொக்கியில் மாட்டி, இடது மிதியின் கீழ்ப்பகுதி வெட்டிவிடப்பட்டது. மற்ற மூன்று இடங்களுக்கும் ஓரம் உயர்ந்த தட்டு விரிப்பு. நூடில்ஸ் போலச் சுருண்ட பிளாஸ்ரிக் விரிப்பும் நல்லதுதான், கொட்டும் மண்ணைத் தனக்குள் இறக்கிவிடும், செருப்பில் ஒட்டாது. ஆனால் செயற்கைக் காலின் முனை அந்தச் சுருளில் சிக்கும், ஊன்றுகோலின் றபர்முனையும் அப்படியே. 5டி விரிப்பைப் பற்றி இன்னொன்று: முல்லைத்தீவு, மணற்காடு போல கடற்கரைக்குப் போய்வருபவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. ஓரத்தால் உள்ளே இறங்கும் உப்பீரம் கீழேயுள்ள தரைத்துணியில் தேங்கும், கழற்றிக் காயவைக்க ஆசனத்தை எழுப்ப வேண்டும். ஒருவரும் எழுப்புவதில்லை. மணம் வந்த பிறகுதான் பார்ப்பார்கள், அப்போது தகரம் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும்.

எயார்பாக் உள்ள ஆசனம்

மேலே சொன்ன ஆபத்து இதுதான். சில கார்களில், சில தரங்களில், முன் ஆசன முதுகின் வெளிப்பக்கத்துக்குள் ஓர் எயார்பாக் இருக்கும். பக்கவாட்டில் மோதும்போது அது ஆசனத்தின் தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கதவைத் திறந்தால் முதுகின் ஓரத்தில் SRS AIRBAG என்று எழுதிய சின்னத் துண்டு தைக்கப்பட்டிருப்பது தெரியும். அதை இறுக்கமான கவரால் மூடி, நைலோன் நூலால் இரட்டைத் தையல் போட்டால், பை வெளியே வரப் பிந்தும் அல்லது வேறு திசையால் வரும். கவர் போட்ட பிறகும் அந்தத் துண்டு கண்ணுக்குத் தெரிய வேண்டும், அந்தப் பக்கம் கவர் திறந்திருக்க வேண்டும். எயார்பாக்குக்காகவே மெல்லிய நூலால் தைத்த பக்கமுள்ள கவர்களும் உண்டு. உள்ளூரில் தைப்பவரிடம் கொடுத்தால், இதை நீங்களே சொல்லாவிட்டால் அவர் முழுவதும் மூடித்தான் தைப்பார். அழகாக மூடுவதுதான் அவருடைய தொழில்.

போடும் வேலை

இரண்டாவது ஞாயிறு, நகரில் குஷன் வேலை செய்பவர் காரைப் பார்த்து அளந்து தைத்துக் கொடுத்த கவரை நாங்கள் இருவரும் போட மூன்று மணித்தியாலம் சென்றது. முக்கால் மணித்தியாலம் பின் ஆசனத்தின் தண்டவாளத்தோடு மட்டும் போனது.

வேலை தொடங்குமுன் கவரை ஒரு மணித்தியாலம் வெயிலில் விரித்துவிட்டால் றெக்சின் இளகும், இழுக்கச் சுலபம். தலையணையின் கம்பி ஆசனத்துக்குள் இறங்கும் இடத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அதை அமர்த்தித் தலையணையைக் கழற்ற வேண்டும். முதுகுக் கவரை மேலிருந்து கீழே இழுத்து, இரு ஓரமும் சமமாக வந்ததா என்று பார்த்த பிறகே அதன் அடிநாக்கை முதுகுக்கும் இருக்கைக்கும் நடுவால் பின்னுக்குத் தள்ள வேண்டும். அவசரப்பட்டு முதலே தள்ளிவிட்டால் பிறகு ஒரு பக்கம் இழுபட்டு நிற்கும், திரும்பக் கழற்ற வேண்டியதுதான். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. இருக்கைக் கவரை முன்னால் இருந்து மாட்டி, கொளுக்கிகளை ஆசனத்தின் கீழுள்ள இரும்புச் சட்டத்திலோ ஸ்பிறிங்கிலோ கொளுவ வேண்டும்.

கீழே கை விடும்போது மின்கம்பிகள் தட்டுப்படும். அவற்றில் கொளுக்கி மாட்டக்கூடாது. மஞ்சள் நிறக் கம்பி, மஞ்சள் இணைப்பு என்றால் அது எயார்பாக்குக்கோ ஆசனப் பட்டியை இறுக்கும் கருவிக்கோ போவது. அதைக் கழற்றிவிட்டுச் சாவியைப் போட்டால் எயார்பாக் விளக்கு எரிந்தபடியே நிற்கும், கணினி வைத்து அழிக்கும்வரை போகாது. ஜப்பான் வாகன் ஆரில் இன்னொரு கவனம் தேவை. முன்னால் பயணி இருக்கும் இடதுபக்க ஆசனத்தின் கீழே லிதியம் பற்றறி ஒன்று இருக்கிறது. அதன் காற்று வழியைக் கவரின் தொங்கலால் அடைக்கக்கூடாது. அக்குவாவில் பெரிய பற்றறி பின் ஆசனத்தின் கீழ். அதற்குக் காற்று போகும் சல்லடைத் துவாரம் பின் ஆசனப் பகுதியிலேயே இருக்கிறது. அதைக் கவராலோ நீட்டிய விரிப்பாலோ மூடிவிட்டால் பற்றறி சூடாகும். ஓர் அக்குவாவின் உரிமையாளருக்குப் பற்றறி மாற்றுவதைவிடப் பெரிய செலவு அதிகம் இல்லை.

பின் ஆசனத்தில் நாடாக்களைத் தண்டவாளத்துக்கு மேலால் கட்டாமல் உட்பக்கமாக எடுத்துக் கட்டினோம். கட்டிய பிறகு ஒவ்வொரு பாதியையும் முழுத்தூரம் முன்னும் பின்னும் நகர்த்தி, மடித்து நிமிர்த்திப் பார்த்தோம். ஒரு நாடா தண்டவாளத்தில் போய்ச் சிக்கியது, அவிழ்த்துத் திரும்பக் கட்டினோம். கடைசியாக ஒவ்வொரு பட்டியையும் அதன் பூட்டில் மாட்டிப் பார்க்க வேண்டும். கவருக்குள் புதைந்துபோன பூட்டைத் தேடிக்கொண்டிருக்கும் பயணி, இரண்டாம் தடவை பட்டி போடமாட்டார்.

ஒரு மாதத்தில் எலாஸ்ரிக் தளரும், கொளுக்கிகளை ஒரு தடவை இறுக்க வேண்டும். அண்ணா இறுக்கிவிட்டார். கிளினிக் போய்வரும் பயணி இப்போது போர்வை இல்லாமல் போகிறார், வீட்டுக்கு வந்ததும் மனைவி தோலைப் பார்ப்பது மட்டும் தொடர்கிறது. அந்த 5டி விரிப்பைத் திருப்பி எடுக்கக் கடைக்காரர் மறுத்துவிட்டார். அது இப்போது அண்ணாவின் வீட்டுக் கோழிக்கூட்டின் கூரையில் கிடக்கிறது. மழைக்கு ஒழுகவில்லையாம்.